எட்டடி அலமாரியும் அறுபத்து நான்கு புத்தகமும்

தர்மபுரி கோர்ட் வளாகத்தில் வஹிதாவுக்கு வாய்தா என்று பெயர் வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். இப்போது சொல்ல மாட்டேன், அவர் இன்னும் என்னிடம்தான் டைப் அடிக்க வருகிறார். பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெங்கடாசலம் வக்கீலிடம் மூன்று வருஷம் ஜூனியராக இருந்தாள் வஹிதா. அந்த மூன்று வருஷத்தில் முன்சீப் முன்னால் அவள் வாய் திறந்து கேட்டதெல்லாம் வாய்தா ஒன்றுதான். "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், ஒரு வாய்தா கொடுங்கள்." வேறு எதையும் பேச அவர் விட்டதில்லை. வஹிதா, வாய்தா. டீக்கடை வரைக்கும் பரவிவிட்டது.

நான் சகாயமேரி. கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, பிராது, பதிலுரை எல்லாம் அடிப்பேன். கண்ணாடி போடாவிட்டால் எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது, போட்டால் ஒரு புள்ளி தவறினாலும் தெரியும். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் பாதி நேரம் நான் கோபமாகத்தான் இருக்கிறேன்.

எண்பத்தாறாம் வருஷம் பொங்கல் முடிந்ததும் வஹிதா சீனியரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். என் கடையை ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்தாள். வெங்கடாசலம் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே, "கோடை லீவு முடிஞ்சி ஜூன்ல கோர்ட்டு தொறக்கறப்ப, உன் எடம் பெஞ்சுல அப்படியே இருக்கும்மா" என்றாராம். ஆசீர்வாதம்தான். ஆனால் அதை அவள் என்னிடம் சொன்னபோது முகம் சிவந்திருந்தது. "மேரிக்கா, லீவுக்குக் கோர்ட் மூடறதுக்குள்ள என் பேருல ஒரு வக்காலத்து வரணும். ஒண்ணே ஒண்ணு. வரலேன்னா நானே போயி அந்த பெஞ்சுல உக்காந்துக்குவேன்" என்றாள். கெடுவை அவளே வைத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

அவள் அப்பா சர்தார் பாய் மரவேலைக்காரர். மகள் தனியாக ஆபீஸ் போடுகிறாள் என்றதும் மனிதர் கால் தரையில் பாவவில்லை. வெங்கடாசலம் வக்கீல் வீட்டில் ஒருமுறை அலமாரிக்கு மராமத்து செய்தவர் அவர். அந்த அளவு மனதில் அப்படியே இருந்தது. எட்டடி அகலம், ஆறடி உயரம், ஐந்து தட்டு, நடுவில் இரண்டு நிலைப்பலகை. ஆக மொத்தம் பதினைந்து அறை. அதே அளவில், அதைவிட நல்ல வேங்கை மரத்தில், கதவில்லாமல் ஒரு அலமாரி செய்து, நான்கு ஆட்களோடு கொண்டுவந்து சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டுப் போனார். சீனியர் அலமாரி எவ்வளவோ, என் மகள் அலமாரியும் அவ்வளவு. அவர் கணக்கு அதுதான்.

சீனியரிடம் முப்பது வருஷத்துப் புத்தகம் இருந்தது. வஹிதாவிடம் இருந்தது அறுபத்து நான்கு. அதில் இருபது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய தீர்ப்புத் தொகுதிகள், கறுப்பு அட்டை போட்டு தடிதடியாக இருக்கும். மீதியில் பாதி விரல் தடிமன்கூட இல்லாத சட்டப் பிரதிகள்.

முதலில் அவள் குர்ஆன் வைத்த அறை தவிர மற்ற எல்லா அறைக்கும் பங்கு வைத்தாள். அறைக்கு நான்கு, சிலவற்றுக்கு ஐந்து. ரேஷன் கடை மாதிரி யாருக்கும் குறையில்லாமல். நிறுத்தி வைத்த நான்கு புத்தகம் எத்தனை நேரம் நிற்கும்? ஒன்று சாய, அடுத்தது அதன்மேல் சாய, மெல்லிசான பிரதிகள் வளைந்து குப்புற விழ, சாயங்காலத்துக்குள் பதினான்கு அறையிலும் பல் போன வாய்தான் தெரிந்தது. காலையில் நிமிர்த்தி வைப்பாள். வலப்பக்கம் இருந்ததை இடப்பக்கம் மாற்றுவாள். கட்சிக்காரர் யாராவது வந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு புத்தகத்தை நகர்த்திவிட்டு வருவாள். அவளுக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. அறைக்குள் அவள் நடக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். எரிச்சலாக வரும்.

மாசி மாதம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து மாதம்மாள் என்று ஒரு அம்மாள் பாகப்பிரிவினை விஷயமாக வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏம்மா, புஸ்தகமெல்லாம் வித்துப்புட்டீங்களா?"

"இல்லீங்க. இவ்வளவுதானுங்க."

"அப்ப இம்மாம் பெரிய அலமாரி எதுக்கு?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவர் போனது வேறொரு வக்கீல் வீட்டுக்கு. அங்கே சுவர் தெரியாமல் புத்தகம் இருக்கும். எனக்குத் தெரியும், அவர் மனுவை நான்தான் அடித்தேன்.

விஷயம் சர்தார் பாய் காதுக்குப் போனது. அவருக்கு அவமானமாகிவிட்டது. தன் அலமாரியால்தான் மகளுக்கு வந்த ஆள் திரும்பிப் போனார் என்று நினைத்தாரோ என்னவோ, அதை நிரப்பிவிடுவது என்று இறங்கினார். வஹிதாவின் அம்மா அஸ்கரி பேகமும் சேர்ந்துகொண்டார். வீட்டு ஷோகேஸில் இருந்த பொம்மைகள், கண்ணாடி டம்ளர்கள், பிளாஸ்டிக் ரோஜா, சோழி ஒட்டிய மயில், தலையாட்டும் பொம்மை, பித்தளைக் கூஜா, பழைய காலண்டர் படம், எல்லாம் இரண்டு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. குர்ஆன் அறை தவிர ஓர் அறை பாக்கியில்லை. புத்தகத்துக்கு முன்னால் பொம்மை, பொம்மைக்குப் பின்னால் டம்ளர். சட்டப் புத்தகம் ஒன்று வேண்டுமென்றால் மயிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் மாது என்பவர் வந்தார். வரப்புத் தகராறு. ஐந்து நிமிஷம் விஷயத்தைச் சொன்னார், அதற்குள் கண் நான்கு தரம் அலமாரிக்குப் போய் வந்தது.

"அந்தத் தலையாட்டுற பொம்ம என்ன வெலைங்க?"

"விக்கறதுக்கு இல்லீங்க" என்று நான்தான் வாசலிலிருந்து கத்தினேன். அந்த ஆளும் வரப்பை மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு வஹிதா அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். உட்கார்ந்து அழக்கூட அவளால் முடியவில்லை. "நான் ஒரு பொம்மக்கட, மேரிக்கா. வாய்தாங்கற பேரயும் மாத்திடுவாங்க" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மனசு கேட்காதபோது என் வாயிலிருந்து வருவது திட்டுதான்.

"உனக்கு யாருடி சொன்னது, எடம் இருந்தா நெரப்பணும்னு? நீ எழுதிக் குடுக்கற மனுவ நான் எப்படி அடிக்கறேன்? இடது பக்கம் ஓரம் விட்டு, வரிக்கு வரி எடம் விட்டு அடிக்கறேன். காகிதம் மிச்சம்னு மேலயிருந்து கீழ வரைக்கும் நெருக்கி அடிச்சிக் குடுத்தா முன்சீப் படிப்பாரா? தூக்கிப் போட்டுடுவார். எழுத்து கண்ணுக்குத் தெரியறதே சுத்தி இருக்கற காலி எடத்துனாலதான்."

சொல்லிவிட்டேனே தவிர, அலமாரிக்கு அதை எப்படிச் செய்வதென்று எனக்கும் தெரியாது. எல்லாவற்றையும் முதலில் கீழே இறக்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பொம்மை, டம்ளர், புத்தகம் எல்லாவற்றையும் தரையில் பாய் விரித்துப் பரப்பினோம். அலமாரியில் ஒன்றுதான் மிச்சம். மேல்தட்டு நடு அறையில், பச்சைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த குர்ஆன். அதற்கு மேலே எதுவும் வைக்கக்கூடாது, பக்கத்தில் ஒட்டி எதையும் நெருக்கக்கூடாது என்பதால் முதல் நாளிலிருந்தே அது அங்கே தனியாக இருந்தது. அதை மட்டும் அஸ்கரி பேகம்கூடத் தொடவில்லை.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய அலமாரியில் அந்த ஓர் அறை எத்தனை நிறைவாக இருந்தது! இரண்டு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது, என் கண்ணில் இன்றைக்குத்தான் பட்டது.

"வஹிதா, அது மட்டும் ஏன் நல்லாயிருக்குது?"

அவளும் பார்த்தாள். "பக்கத்துல ஒண்ணுமில்ல, அதனாலதான்" என்றாள் மெதுவாக.

அதிலிருந்துதான் ஆரம்பித்தோம். கறுப்புத் தொகுதிகள் கனமானவை, கண்ணுக்கும் கனம். மேலே வைத்தால் தலையில் விழுகிற மாதிரி இருக்கிறது. அதனால் பன்னிரண்டை அடித்தட்டில் இடது அறையில் நெருக்கமாக நிறுத்தினோம். இருபதையும் அங்கேயே வைத்தபோது அலமாரி இடப்பக்கம் சாய்ந்துவிட்ட மாதிரி தெரிந்தது. மீதி எட்டைக் கொண்டுபோய் மேலிருந்து இரண்டாம் தட்டில் வலது அறையில் வைத்தோம். இப்போது கண் கீழ் மூலையிலிருந்து மேலே குறுக்காக ஏறியது. கறுப்பு அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் இருந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

சாய்ந்து விழுகிற மெல்லிய பிரதிகளை நிறுத்துவதையே விட்டுவிட்டோம். படுக்கவைத்து, பெரியது கீழே சிறியது மேலே என்று இரண்டு அடுக்காக்கினோம். ஓர் அடுக்கின் மேல் மேஜைக் கடிகாரம். ஓர் அறையில் நிறுத்திய ஏழு புத்தகத்துக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுக்க ஏதாவது கனமாக வேண்டியிருந்தது. வஹிதா ஓடிப்போய் அப்பாவின் பட்டறையிலிருந்து தேய்ந்துபோன இழைப்புளி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை ஒட்டி வைத்ததும் ஏழு புத்தகமும் ஆடாமல் நின்றன. பார்வைக்கும் அழகாக இருந்தது, வேலையும் செய்தது. சட்டப் புத்தகத்துக்கு இழைப்புளி முட்டு என்று நான் கேலி செய்தேன்.

பொம்மைகள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டோம். வைத்துக்கொண்டது பித்தளைக் கூஜா ஒன்று, ஒகேனக்கல்லில் பொறுக்கிய உருண்டைக் கல் ஒன்று. கூஜாவை ஓர் அறையின் நட்ட நடுவில் தனியாக வைத்துப் பார்த்தோம், மறுபடி பாத்திரக்கடை மாதிரி ஆயிற்று. ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் அதைவிடக் குட்டையாக மூன்று புத்தகம், அதற்கும் முன்னால் இன்னும் குட்டையாகக் கல் என்று வைத்தபோது மூன்றும் சேர்ந்து ஒரு பேச்சுக்கு வந்தன. உயரம் ஏறி இறங்க வேண்டும் போலிருக்கிறது. எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் கண் எங்கேயும் நிற்பதில்லை.

சர்தார் பாய் அலமாரியை ஆழமாகச் செய்திருந்தார். புத்தகத்தைப் பின்சுவர் வரைக்கும் தள்ளினால் இருட்டுக்குள் போய்விடுகிறது. எல்லாவற்றையும் முன்னால் இழுத்து, பலகை விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே ஒரே வரிசையாக நிறுத்தினோம்.

கடைசியில் நான்கு அறை முழுக்கக் காலி. முதலில் அவை ஒன்றின்கீழ் ஒன்றாக நடுவில் அமைந்துவிட்டன, கிணறு வெட்டின மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தது. கலைத்து, ஒவ்வொரு காலியும் வேறு வேறு தட்டில் வருகிற மாதிரி வைத்தோம். நான் கண்ணாடியைக் கழற்றினேன். கழற்றினால் எனக்குத் தலைப்பும் தெரியாது, கூஜாவும் தெரியாது, கறுப்புத் திட்டும் வெளிறிய திட்டும்தான். எங்கே திட்டு குவிகிறதோ அங்கே கூட்டம் என்று அர்த்தம். "இடது பக்கம் மேல இன்னும் கொஞ்சம் கனமா இருக்குது" என்பேன், வஹிதா இரண்டு புத்தகத்தை எடுப்பாள்.

எனக்குத் திருப்தியாகிவிட்டது. அவளுக்கு ஆகவில்லை. கூஜாவை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பொறுக்கமாட்டாமல் அவள் தோளைப் பிடித்து அழுத்தி, கட்சிக்காரர் உட்காருகிற பெஞ்சில் உட்கார வைத்தேன். "நின்னுகிட்டே பாத்தா உனக்கு எப்படித் தெரியும்? வர்றவங்க இங்க உக்காந்துதான பாக்கறாங்க. எழுந்திரிச்சேன்னா இனிமே உனக்கு மனு அடிக்க மாட்டேன்."

பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் இரண்டு மாதமாக இருந்தவள், பெஞ்சிலிருந்து தன் அலமாரி எப்படித் தெரியுமென்று அன்றைக்குத்தான் பார்த்தாள். எழுந்து போய் உருண்டைக் கல்லை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாள். அவள் செய்தது சரிதான். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நானும் ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் சர்தார் பாய் வந்தார். எட்டடி போட்டுக் கொடுத்த மனிதர், நான்கு அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? காலி அறை ஒன்றுக்குள் கையை விட்டுப் பின்பலகையைத் தடவினார்.

"மேரிம்மா, இந்தப் பலகயில ரேகை எப்படி ஓடுது பாருங்க. இழைக்கும்போது பாத்தது. அப்புறம் கண்ணுலயே படல" என்றார்.

இதையெல்லாம் பார்த்து ஊர் திரண்டு வந்தது என்று சொன்னால் பொய். பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. வெயில் ஏற ஏற வஹிதாவின் நடையும் ஏறியது. லீவுக்குக் கோர்ட் மூட ஒன்பது நாள்தான் இருந்தது. ஒவ்வொரு காலையும் கூஜாவை நகர்த்துவாள். நான் போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டு இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வருவேன். அவள் தவிப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. அந்த ஒன்பது நாளில் நான் அடித்த அளவு தப்பு வாழ்க்கையில் அடித்ததில்லை.

அப்போதுதான் காளியப்பன் வந்தார். ஏரியூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். காட்டுக்குப் போகிற வண்டித்தடத்தைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைத்துவிட்டார், வழக்கு நான்கு வருஷமாக நடக்கிறது. வேறொரு வக்கீல் பார்க்கிறார். சும்மா யோசனை கேட்க வந்தேன் என்றார். நான் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வஹிதாவின் வாசலில் நின்றுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டு அலமாரியைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

"ஏனுங்க, அந்தக் காலி எடத்துல இருந்த புஸ்தகமெல்லாம் கோர்ட்டுக்குப் போயிருக்குதுங்களா?"

வஹிதா விழித்தாள்.

"இல்ல, எங்க வக்கீலு வூட்டுல சொவரே தெரியாதுங்க, அம்புட்டு புஸ்தகம். நாலு வருசமா பாக்கறேன், ஒண்ணுகூட எடத்த விட்டு நவுந்ததில்ல. இங்கத்தது போயிட்டுப் போயிட்டு வருது போல."

ஆமாங்க என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும். அந்த மனிதர் தானாகவே வந்து வலையில் விழுகிறார். வஹிதாவைப் பார்த்து வாசலிலிருந்து கண்ணை உருட்டினேன், உதட்டை அசைத்தேன். அவளுக்கும் புரிந்தது. கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றாள். "என்கிட்ட மொத்தமே அறுபத்து நாலு புஸ்தகந்தான். அது அத்தனையும் இங்கயே இருக்குது. காலி எடம் காலி எடந்தானுங்க. அங்க எதுவும் இருந்ததில்ல."

காளியப்பன் அவளைப் பார்த்தார். அப்புறம் அலமாரியைப் பார்த்தார். "சரிங்க" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் போய்விட்டார்.

நான் சும்மா விடவில்லை. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்றேன். உன்னை யார் கேட்டது கணக்கு என்றேன். இந்த நாக்கை வைத்துக்கொண்டு வக்கீல் தொழிலுக்கு ஏன் வந்தாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. அவள் ஒரே பதில்தான் சொன்னாள்.

"ஆமான்னு சொல்லியிருந்தா, நாளைக்கு வந்து எந்தப் புஸ்தகம் திரும்பி வந்துச்சுன்னு கேப்பாரு மேரிக்கா. நான் எத வாங்கி வைப்பேன்?"

ஒரு வாரம் போயிற்று. ஏரியூர் பஸ் வருகிற நேரமெல்லாம் அவள் வாசலுக்கு வருவாள். வரவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய் எதையாவது நகர்த்துவாள். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அது அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்திருக்கும்.

கோர்ட் மூடுகிற நாள் வெள்ளிக்கிழமை. அன்று காலை நான் போனபோது அடித்தட்டு இடது அறை காலியாக இருந்தது. பன்னிரண்டு கறுப்புத் தொகுதியும் சாக்குப்பைக்குள் போயிருந்தன. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாயந்தரம் வரைக்கும் இருக்குதேடி."

"சாயந்தரம் மூட்டை கட்டினா இருட்டிடும்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

பதினோரு மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. காளியப்பன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் சிவப்புத் துணியில் சுற்றிய வழக்குக் கட்டு ஒன்று, தூசி அப்பி, ஒரு மூலை எலி கடித்திருந்தது.

"நாலு நாளாச்சுங்க இத மீட்டுக்கிட்டு வர" என்றார், மூச்சு வாங்க. "எங்க வக்கீலு குமாஸ்தா தேடறாரு, தேடறாரு, கெடைக்கல. மேசைக்குக் கீழ, அலமாரிக்கு மேல, எங்கயும் இல்ல. நேத்து சாயந்தரம் பழைய பேப்பரு மூட்டைக்கு அடியில கெடந்துச்சுங்க. என் தடம் நாலு வருசமா அதுக்கடியில கெடந்திருக்குது. கேட்டதுக்கு, அம்மாடி இந்த வூட்டுல எடம் ஏது, எங்கனாச்சும்தான் கெடக்கும்ங்கறாரு."

மடியிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். வேறு வக்கீல் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று பழைய வக்கீல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. வஹிதா அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். சாக்குப்பைக் கயிறு இன்னும் அவள் விரலில் சுற்றியிருந்தது.

"என்கிட்ட புஸ்தகம் கம்மிங்க. அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. காலி எடம் இருக்குதுன்னும் சொன்னீங்க" என்றார் காளியப்பன். "எனக்கு அதானுங்க வேணும்."

அவள் வாங்கிக்கொள்வாள் என்று காத்திருக்கவில்லை. நேராக அலமாரிக்குப் போனார். நடுத்தட்டில், பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற காலி அறை ஒன்று இருந்தது. மொத்த அலமாரியும் மூச்சு விடுகிற இடம் அதுதான் என்று நாங்கள் இரண்டு பேரும் அரைநாள் சண்டை போட்டு விட்டு வைத்த அறை. அந்த அழுக்குக் கட்டை அதன் நட்ட நடுவில், கோணலாக, சிவப்புத் துணி வெளியே தொங்க வைத்தார்.

பார்க்கச் சகிக்கவில்லை. கண் வேறெங்கும் போகாமல் அந்தச் சிவப்பிலேயே போய் முட்டியது. நான் வஹிதாவின் கையைத்தான் பார்த்தேன். ஓர் அடி எடுத்து வைத்தாள், அறைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அங்கயே இருக்கட்டுங்களா?" என்று கேட்டார் அவர். "வர்றப்ப எல்லாம் கண்ணுல படணுமுங்க."

"அங்கதான் இருக்கும்" என்றாள் வஹிதா. தொங்கின துணியைக்கூட உள்ளே தள்ளவில்லை.

சாயங்காலம் கோர்ட் மூடுவதற்குள் வக்காலத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். நான் என் கடைக்கு ஓடி மிஷினில் காகிதத்தை மாட்டினேன். வழக்கு எண், வாதி காளியப்பன், ஏரியூர் என்று வரிசையாக அடித்துக்கொண்டு வந்து, வாதியின் வழக்கறிஞர் என்கிற இடத்துக்கு வந்தேன். வெங்கடாசலம் பெயரை அந்த இடத்தில் நூறு தடவை அடித்திருப்பேன், ஒருமுறைகூட யோசித்ததில்லை. ச. வஹிதா என்று அடிக்க எனக்கு அத்தனை நேரம் பிடித்தது. எழுத்து கலங்கித் தெரிந்தது. பெயருக்கு மேலும் கீழும் ஒரு வரி கூடுதலாகவே இடம் விட்டு அடித்தேன்.